மங்கிப்போனது வைரம் இல்லை

"வைரம் மங்கிப்போச்சு" எண்டு எங்கட வீடுகளில் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையில் வைரம் மங்குவதில்லை. அதற்குத் தண்ணியோடு ஒட்டுறவு குறைவு, எண்ணெயோடு அதிகம். ஒருகாலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேசைகளின் மேலே தண்ணியோடு கற்களை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்ததும் இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய், கைக்குப் பூசுகிற கிறீம், கறிச்சட்டிக் கொழுப்பு எல்லாம் கல்லின் அடிப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மேலால் எவ்வளவு துடைத்தாலும், அடியில் படலம் இருந்தால் உள்ளே போன ஒளி திரும்பி வராது.

எங்கள் வீட்டில் ஒரு மோதிரம் இருக்கிறது. அம்மம்மாவின் வைரத்தோட்டில் ஒரு கல்லை அம்மாவுக்கு மோதிரமாகவும் மற்றதைச் சித்திக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பதினெட்டு கரட் தங்கத்தில், நான்கு சின்னக் கால்கள் கல்லைக் கவ்விப் பிடித்திருக்கிற மாதிரிச் செய்தது. இதைத் தொலைத்தால் காசு கொடுத்து வேறு வாங்கலாம், ஆனால் அது அம்மம்மாவின் கல்லாக இராது. அதனால் இதைக் கழுவுவதற்கு எங்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

முதலில் கழுவுவதில்லை, பார்க்கிறோம். கால் தளர்ந்த மோதிரத்தில் சில நேரம் கல்லைப் பிடித்து வைத்திருப்பதே அந்த அழுக்குத்தான். அழுக்கு கரைந்தால் கல்லும் போய்விடும். மோதிரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் மெல்லத் தட்டுவோம். சின்னதாய் ஒரு கிலுகிலுப்புக் கேட்டால் கல் ஆடுகிறது என்று அர்த்தம். பிறகு பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் கல்லின் ஓரத்தை மெதுவாகத் தொடுவோம். அசைந்தால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஆடவில்லையென்றால் கழுவலாம். சிங்கில் வேண்டாம், ஒரு சின்னக் கோப்பை போதும். வெதுவெதுப்பான தண்ணியில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் திரவம் இரண்டு மூன்று துளி. அரை மணித்தியாலம் ஊறட்டும். பிறகு குழந்தைகளின் மெல்லிய பல் பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தையும் கால்களின் இடுக்கையும் தேய்க்க வேண்டும். மேற்பக்கம் கடைசி. இன்னொரு கோப்பையில் நல்ல தண்ணி எடுத்து அலசி, நூல் பிரியாத மெல்லிய துணியால் ஒற்றினால் சரி. கழுவின தண்ணியையும் ஒருக்கா பார்த்துவிட்டே ஊத்துவோம்.

பற்பசையால் தேய்க்கச் சொல்லுபவர்கள் இருக்கிறார்கள். வைரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருக்கிற தங்கத்தில்தான் கீறல் விழும். துணி வெளுக்கிற குளோரின் இன்னும் மோசம். தங்கத்தோடு கலந்திருக்கிற மற்ற உலோகங்களை அது அரிக்கும், மெல்லிய கால்கள்தான் முதலில் வெடிக்கும். முத்து, மரகதம் பதித்ததையும், பின்பக்கம் மூடிய பழைய நகைகளையும் இப்படி ஊற வைக்கக் கூடாது.

போன வருசம் இப்படிக் கழுவி முடித்த பிறகுதான் அம்மா கேட்டா, "இது ஏன் என்ர சீலையில கொழுவுது?" துவாயில் இழுபட்டதையும், தலைமயிர் சிக்கினதையும் அவ முன்னமே கவனித்திருந்தா. கல் ஆடவில்லை, சத்தமும் இல்லை. ஃபோன் கமராவைப் பெரிதாக்கிப் பக்கவாட்டில் பார்த்தோம். மூன்று கால்களின் நுனி உருண்டு கல்லோடு படிந்திருந்தது. நான்காவதன் நுனி தேய்ந்து தட்டையாகி, கல்லுக்கும் அதுக்கும் இடையில் மயிரிழை அளவு இடைவெளி. மற்ற மூன்றும் இறுக்கமாக இருந்ததால்தான் கல் ஆடவில்லை.

வீட்டுக் குறட்டால் அமத்தி விடலாம்தானே என்று தம்பி கேட்டான். தேய்ந்த உலோகத்தை வளைத்தால் முறியும், இடம் தவறி அமத்தினால் வைரத்தின் மெல்லிய ஓரமே உடையலாம். வைரம் கீறலைத்தான் தாங்கும், அடியை அல்ல. மோதிரத்தைக் கழற்றி, சின்ன பொலித்தீன் பைக்குள் போட்டு, பத்தரிடம் கொண்டுபோனோம். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "அமத்திறது காணாது, நுனிக்குப் பொன் வைக்கோணும்" என்றார்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்தர் பார்க்கிறார். இடையில் துணியில் கொழுவினாலோ, கல் ஒரு பக்கம் சரிந்த மாதிரித் தெரிந்தாலோ அந்த நாள் வரும்வரை காத்திருப்பதில்லை. அன்றைக்கே விரலிலிருந்து கழற்றிவிடுகிறோம்.