விடியற்காலை நான்கு மணி நோயாளி

விடியற்காலை நான்கு மணிக்கு வயிற்றுவலியோடு எழுந்திருக்கிறார் ஒருவர். வயது முப்பத்தைந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர். ஆறு மணிக்கு இமை இரண்டும் சரிகின்றன, பேச்சு குழறுகிறது. உடம்பில் கடிவாய் இல்லை, வீக்கமும் இல்லை. கட்டுவிரியன் கடி.

இறுதியாண்டு மாணவர்களுக்கு இவரை வைத்து மூன்று கேள்விகள் எழுதினேன். அவரை எந்த மணியில் நிறுத்துகிறேன் என்பதில்தான் ஒவ்வொரு கேள்வியும் பிழைக்கும் அல்லது சாகும்.

நோய் எது என்று கேட்பது ஆறு மணியில். பாம்பு என்ற சொல்லே வரக்கூடாது. பாயும் தரையும் போதும். "கண்மணி சுருங்கவில்லை" என்ற வரியை மட்டும் விடக்கூடாது. அதை எடுத்துவிட்டால் பூச்சிமருந்து விஷம் என்று எழுதும் மாணவனை மறுக்க என்னிடம் ஒன்றுமிருக்காது. எழுதியதும் விடைகளைக் கையால் மூடிவிட்டுப் படிப்பேன். அப்போதே விடை மனதில் வர வேண்டும். வராவிட்டால் நோயாளியின் கதையில்தான் குறை.

பரிசோதனைக் கேள்விக்கு, முதல் கேள்வியின் விடையைக் காட்டிக்கொடுக்காதபடி தனித் தாள் தருகிறேன். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறைந்திருக்கிறது. என்ன பரிசோதனை என்று கேட்டால் அது மனப்பாடம். இந்த முடிவை வைத்து என்ன செய்வாய் என்று கேட்கிறேன். "விஷம் ஏறவில்லை, வீட்டுக்கு அனுப்பலாம்" என்பதும் விடைகளில் ஒன்று. கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பு முனைகளை. ரத்தம் பெரும்பாலும் ஒழுங்காகவே உறையும். அது புரியாதவர் அந்த விடையில் போய் விழுவார்.

சிகிச்சைக் கேள்வியில்தான் நான் தவறினேன். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதல் இரண்டையும் விடைகளில் வைத்து, "அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி விடைத்தாளோடு வந்தாள். "சார், இவர் இப்ப மூச்சு விடுறாரா இல்லையா, அதை நீங்க சொல்லவே இல்லையே?" அவள் சொன்னது சரி. அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்தேன்.

இப்போது அந்தக் கதை எட்டு மணியில் நிற்கிறது. மருந்து பத்துக் குப்பி ஏறி முடிந்து ஒரு மணி நேரமாகிறது. ஒரே மூச்சில் இருபதுவரை எண்ணியவரால் ஆறுக்கு மேல் எண்ண முடியவில்லை. வாயில் எச்சில் தேங்குகிறது, விழுங்க முடியவில்லை. இன்னும் பத்துக் குப்பி என்பதும் விடைகளில் இருக்கிறது; அது பொருத்தமான சிகிச்சைதான், ஆனால் சேதமான நரம்பு முனையை எந்த மருந்தும் அந்த நிமிடத்தில் மீட்காது. முதலில் குழாய், பிறகு வென்டிலேட்டர், பல நாட்களுக்கு.

எண்ணிக்கை ஆறா பத்தா என்று நெடுநேரம் யோசித்தேன். பத்து என்று எழுதியிருந்தால் மறுபடியும் அவள் வந்திருப்பாள்.