பக்கத்தில் யார் இருந்தார்கள்?

எங்கள் கணக்கெடுப்பின் பதினான்காவது கேள்விக்கு நான் முதலில் எடுத்த விடை 48 சதவீதம். பீடி சுற்றியும், நூறு நாள் வேலைக்குப் போயும், வீட்டிலேயே தைத்தும் சம்பாதிக்கிற பெண்களிடம், “உங்கள் சம்பாத்தியத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுப்பது யார்?” என்று கேட்டிருந்தோம். நானே, கணவர், இருவரும் சேர்ந்து, வேறு யாராவது என்று நான்கு கட்டங்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ‘இருவரும் சேர்ந்து’ என்று சொல்லியிருந்தார்கள். வட்ட வரைபடத்தில் அதுதான் பெரிய துண்டு. பார்ப்பதற்கு அழகாக இருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்துக்கே போயிருக்கும்.

அந்த எண் எப்படி வந்தது, பிறகு எனக்கு ஏன் அது உறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிவங்கள் காகிதத்தில் வந்தன. நானும் இன்னொரு தோழியும் கணினியில் ஏற்றினோம். 244 வரிசைகள் இருந்தன. படிவ எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது நான்கு படிவங்களை இருவருமே ஏற்றியிருப்பது தெரிந்தது. அவற்றை நீக்கினால் 240. அதில் 40 பேருக்குத் தனிச் சம்பாத்தியமே இல்லை என்பதால் இந்தக் கேள்வி அவர்களுக்குப் பொருந்தாது. மீதி 200 பேரில் 30 பேர் எந்தக் கட்டத்திலும் குறியிடவில்லை. பொருந்தாதவர்களுக்கு 88 என்றும், பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்றும் எண் கொடுத்தோம். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் இந்த இரு வகைப் பெண்களும் ஒன்றாகிவிடுவார்கள். கேள்வியே கேட்கப்படாதவளும், கேட்டும் வாய் திறக்காதவளும் ஒன்றல்ல.

ஆக, பதில் சொன்னவர்கள் 170 பேர். ‘சேர்ந்து’ என்றவர்கள் 81 பேர். 81ஐ 170ஆல் வகுத்தால் 48 சதவீதம். 200ஆல் வகுத்தால் 41க்குச் சற்றுக் குறைவு. 240ஆல் வகுத்தால் 34. மூன்றுமே சரியான கணக்குதான். எந்த எண்ணால் வகுத்தோம் என்று பக்கத்தில் எழுதாவிட்டால் மூன்றுமே பொய்யாகிவிடும். அறிக்கைகளில் சதவீதத்தைப் பார்க்கும்போதெல்லாம், ‘எத்தனை பேரில்?’ என்று கேட்கும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது.

‘வேறு யாராவது’ என்ற கட்டத்துக்கு எதிரே ஒரு கோடு விட்டிருந்தோம். அதில் எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க, சுத்தம் செய்வது என்று நாங்கள் சொல்லிக்கொண்ட வேலை எவ்வளவு பெரிய அதிகாரம் என்று புரிந்தது. ‘வீட்டுக்காரர்’, ‘அவருதான்’, ‘பையனோட அப்பா’ என்று இருந்தது. கணவர் என்ற கட்டம் இருந்தும் அதில் குறியிடாமல், பேர் சொல்லாமல் இங்கே வந்து சொல்லியிருந்தார்கள். அவற்றைக் கணவர் பக்கம் மாற்றினோம். மாமியார், அம்மா, மகன் என்பவை அப்படியே இருந்தன. ஆறு படிவங்கள் மட்டும் எங்களை நிறுத்தின. வார்த்தைகள் கொஞ்சம் மாறினாலும் ஆறிலும் விஷயம் ஒன்றுதான்: ‘நான்தான், அவரைக் கேட்டுக்கிட்டு.’

இது ‘நானே’வா, ‘சேர்ந்து’வா, ‘கணவர்’ஆ? தோழி ‘சேர்ந்து’ என்றாள். கேட்டுக்கொள்வது வேறு, கலந்து பேசுவது வேறு என்பது என் கட்சி. அவரும் இவளைக் கேட்டுக்கொண்டுதான் செலவு செய்கிறாரா என்று நாங்கள் கேட்கவே இல்லையே. கடைசியில் ‘சேர்ந்து’ பக்கமே வைத்தோம். ஆனால் இரண்டு காரியங்கள் செய்தோம். எழுதியதை எழுதியபடி ஒரு பத்தியில் வைத்துக்கொண்டு, நாங்கள் கொடுத்த எண்ணை அடுத்த பத்தியில் போட்டோம். மூலத்தின் மேல் எழுதிவிட்டால் அந்த ஆறு பேர் சொன்னது அன்றைக்கே அழிந்துபோகும். பிறகு, அந்த ஆறு பேரையும் கணவர் பக்கம் மாற்றியும் கணக்குப் போட்டோம். 48 சதவீதம் 44 ஆனது. எங்கள் முடிவு எவ்வளவு தூரம் விடையை நகர்த்துகிறது என்பது அப்படித்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் படிவத்தின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. பேட்டி எடுத்தவர் தானே நிரப்ப வேண்டிய ஒரு வரி அங்கே இருந்தது: ‘பேட்டியின்போது அருகில் யார் இருந்தார்கள்?’ கணினியில் ஏற்றும்போதே இது எதற்கு, விட்டுவிடலாமா என்று பேசியிருந்தோம். சோம்பலில் விடாமல் ஏற்றியது நல்லதாகப் போயிற்று. தேசியக் குடும்ப நல ஆய்வில் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான், அதுவும் தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்கிறார்கள். பணத்தைப் பற்றிய கேள்விக்கு அப்படி ஒரு காவல் தேவை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருந்தோம்.

கணவரோ மாமியாரோ வேறு பெரியவர்களோ இருந்ததை ‘ஆள் இருந்தது’ என்றும், யாருமே இல்லாததையும் சின்னக் குழந்தைகள் மட்டும் இருந்ததையும் ‘தனியாக’ என்றும் இரண்டாகப் பிரித்தேன். அதை மேலே வைத்து, பதினான்காவது கேள்வியைப் பக்கவாட்டில் வைத்துக் குறுக்கு அட்டவணை போட்டேன். கணவரையும் வேறு ஒருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எப்படியும் முடிவு அவள் கையில் இல்லை.

| முடிவெடுப்பவர் | தனியாக | ஆள் இருந்தது |
|---|---|---|
| நானே | 20 | 12 |
| கணவர் அல்லது வேறொருவர் | 32 | 25 |
| இருவரும் சேர்ந்து | 20 | 61 |
| பதில் சொன்னவர்கள் | 72 | 98 |

இந்த 61 என்ற கட்டத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கணக்கிட்டால், ஆள் இருந்தபோது பதில் சொன்னவர்களில் 62 சதவீதம் பேர் ‘சேர்ந்து’ என்றார்கள். பக்கவாட்டில் கணக்கிட்டால், ‘சேர்ந்து’ என்ற 81 பேரில் 75 சதவீதம் பேர் அருகில் ஆள் இருந்தபோது அப்படிச் சொன்னார்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். எனக்கு வேண்டியது முதலாவது. ஆள் இருப்பது பதிலை மாற்றுகிறதா என்று அறிய வேண்டுமானால், ஆள் இருந்தவர்களை 100 ஆகவும் தனியாக இருந்தவர்களை 100 ஆகவும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால், தனியாகப் பேசியவர்களில் 28 சதவீதம், ஆள் இருந்தவர்களில் 62 சதவீதம். நான் கொண்டாடிய 48 இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்த ஒரு எண். அப்படி ஒரு நிலையில் எந்தப் பெண்ணும் இல்லை.

உடனே அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன். தோழிதான் நிறுத்தினாள். “தனியா இருந்தவங்க யாரு? புருஷன் செத்தவங்க, விட்டுட்டுப் போனவங்க எல்லாம் அதுலதானே இருப்பாங்க? அவங்க எப்படி ‘சேர்ந்து’ன்னு சொல்லுவாங்க?” அவள் கேட்டது சரி. இந்த இரு கூட்டமும் ஆரம்பத்திலேயே வேறு வேறு ஆட்களாக இருந்தால், வித்தியாசத்துக்குக் காரணம் காதில் விழும் தூரத்தில் ஆள் இருந்ததல்ல, கணவர் இல்லாததே என்று ஆகிவிடும்.

அதனால் கணவரோடு வாழ்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி போட்டேன். தனியாகப் பேசியவர்களில் 12 பேர் விலகி 60 பேர் நின்றார்கள். அதில் ‘சேர்ந்து’ 20 பேர், அதாவது 33 சதவீதம். ஆள் இருந்தவர்களில் 8 பேர் விலகி 90 பேர் நின்றார்கள். அதில் ‘சேர்ந்து’ 61 பேர், 68 சதவீதம். இடைவெளி குறையவில்லை. கணவரோ வேறொருவரோ முடிவெடுக்கிறார் என்று தனியாக இருந்தபோது பாதிப் பேர் சொன்னார்கள். ஆள் இருந்தபோது அப்படிச் சொன்னவர்கள் கால்பங்குக்கும் குறைவு. எனக்குத் தைத்தது இன்னொன்று: ‘நானே’ என்பதும் 17 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. தன் கையில் அதிகாரம் இல்லை என்பதை மட்டுமல்ல, இருக்கிறது என்பதையும் அவர் முன்னால் சொல்ல முடிவதில்லை. ‘சேர்ந்து’ என்பது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பான வார்த்தை.

பதில் சொல்லாத அந்த 30 பேரையும் பிரித்துப் பார்த்தேன். தனியாக இருந்த 80 பேரில் 8 பேர் குறியிடவில்லை, பத்தில் ஒருவர். ஆள் இருந்த 120 பேரில் 22 பேர், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். காலிக் கட்டத்தை நீக்கிவிட்டுக் கணக்குப் போடும்போது யாரை நீக்குகிறோம் என்பது அதில் தெரிகிறது.

இதற்கு மேல் போகக்கூடாது என்பதும் எனக்குத் தெரிந்தது. ஊர்வாரியாக, சாதிவாரியாக, வயதுவாரியாகப் பிரிக்க ஆசைதான். பிரித்தால் ஒரு கட்டத்தில் மூன்று பேர், நான்கு பேர் என்று ஆகிவிடும். நான்கில் மூன்று பேர் என்பதை 75 சதவீதம் என்று எழுதினால் அது பெரிய உண்மைபோல நிற்கும். ஒருவர் மனசு மாறினால் 50. ஒரே ஒரு பெண் இருக்கிற கட்டத்தைப் பார்த்தால், அந்தத் தெருக்காரர்களுக்கு அது யார் என்று தெரிந்துவிடும். யாரைத் தனியாகப் பிடிப்பது, எந்த நேரத்தில் போவது என்பதெல்லாம் பேட்டி எடுத்தவர்களின் வசதிப்படி நடந்தது. எனவே, ‘ஆள் இருப்பதால்தான் பதில் மாறியது’ என்று சத்தியம் செய்ய முடியாது. ‘ஆள் இருந்தபோது பதில் வேறாக இருந்தது’ என்று மட்டும்தான் எழுத முடியும். அப்படியே எழுதினேன்.

அமைப்பின் கூட்டத்தில் 48 சதவீத வட்டம்தான் பலருக்கும் பிடித்திருந்தது. பாதி வீடுகளில் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள் என்றால், பெண்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கும் வேலையை அடுத்த ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம் என்ற பேச்சும் வந்தது. வட்டத்தை எடுத்துவிட்டு, ஒரே உயரத்தில் இரண்டு பட்டைகளை வைத்தேன். ஒன்றின் கீழே ‘தனியாக, 60 பேர்’, இன்னொன்றின் கீழே ‘ஆள் இருந்தது, 90 பேர்’. பதில் சொல்லாதவர்களின் எண்ணிக்கை அடியில் தனி வரியாக. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தனிக் கணக்கு வேலை நிற்கவில்லை. அடுத்த முறை பணக் கேள்விகளையும் தனிமையில்தான் கேட்பது என்று முடிவானது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கணக்கெடுப்புக்கு முன் படிவத்தைச் சோதிக்க நாங்களே ஆளுக்கொன்று நிரப்பினோம். தோழி கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன். கூடத்தில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சோதனைப் படிவங்கள் 240இல் சேராது. பழைய கோப்பில் அது இன்னும் இருக்கிறது. பதினான்காவது கேள்விக்கு மூன்றாவது கட்டத்தில் குறியிட்டிருக்கிறேன். கடைசிப் பக்க வரியைத் தோழி நிரப்பவில்லை. நானும் நிரப்பச் சொல்லவில்லை.