35க்கு மேல் இருந்த பிள்ளை ஏன் எங்கள் கண்ணில் படவில்லை?

போன வருடம் மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாவது கிழமையில்தான், தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் வருவதை நிறுத்திவிட்டான் என்பதை நாங்கள் உணர்ந்தோம். கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வீட்டுக்குப் போனபோது அவனுடைய வாப்பா, "லீவு விட்ட நாள்ல இருந்து மாமாட கடையிலதான் சேர் நிக்கிறான். ஸ்கூலுக்குத் தெரியும் என்டுதான் நாங்க நினைச்சோம்" என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்குப் பிறகும் சராசரி 35க்குக் குறைந்தவர்களின் பெயர்களை எழுதி, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவோம். இரண்டாம் தவணை முடிவில் அதில் 7 பெயர்கள். அவன் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது, அவனுடைய சராசரி 57.

அன்று பின்னேரம் நாலைந்து பேர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, வரவு இடாப்பையும் புள்ளிப் பதிவுகளையும் விரித்து வைத்தோம். முந்திய மூன்று தவணைகளில் அவன் எடுத்த சராசரி 71, 66, 57. இரண்டாம் தவணையின் கடைசி 20 பாடசாலை நாட்களில் 5 நாள் வரவில்லை. எல்லாம் எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. ஆனால் புள்ளி ஒரு புத்தகத்தில், வரவு இன்னொரு புத்தகத்தில், முந்திய வருடத்துப் புள்ளி அலுமாரிக்குள். மூன்றையும் ஒரே வரியில் யாரும் பார்க்கவில்லை. 35 என்ற கோடு ஏற்கனவே விழுந்துவிட்ட பிள்ளையைக் காட்டும். விழுந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் காட்டாது.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. ஒரு எக்ஸெல் தாள், ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, மூன்று விடயம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 எச்சரிக்கைப் புள்ளி.

முதலாவது வரவு. முழு வருடத்தையும் எடுத்தால் ஜனவரியில் ஒழுங்காக வந்த நாட்கள் இப்போதைய பிரச்சினையை மூடிவிடும். அதனால் கடைசி 20 பாடசாலை நாட்கள் மட்டும். காலண்டர் நாள் அல்ல, பாடசாலை நடந்த நாள். நோன்பு விடுமுறை வரும் எங்கள் பாடசாலைகளில் இது முக்கியம். 2 அல்லது 3 நாள் வராவிட்டால் 1, 4 நாளோ அதற்கு மேலோ என்றால் 2. 20இல் 2 என்பது பத்து சதவீதம். அமெரிக்காவில் நாட்பட்ட வரவின்மை என்று கணக்கெடுப்பது இந்த எல்லையில்தான். பிலடெல்பியாவில் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு, 80 சதவீதத்துக்குக் குறைந்த வரவை இடைவிலகலின் அடையாளங்களில் ஒன்றாக எடுத்தது. எங்கள் 4 நாள் அந்த எல்லையிலேயே நிற்கிறது.

இரண்டாவது கடைசித் தவணைச் சராசரி. 50க்குக் கீழே 1, 35க்குக் கீழே 2. தரம் 10இல் தொகுதிப் பாடங்கள் மாறுவதால் தமிழ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய பொதுப் பாடங்களை மட்டும் எடுத்தோம்.

மூன்றாவது சரிவு. இதில்தான் நாங்கள் முதலில் பிழைவிட்டோம். போன தவணைப் புள்ளியிலிருந்து இந்தத் தவணைப் புள்ளியைக் கழித்துப் பார்த்தோம். கணித வினாத்தாள் கடினமாக வந்த ஒரு தவணையில் பாதி வகுப்பும் பட்டியலில் வந்துவிட்டது. ஆகவே பிள்ளையின் புள்ளி வகுப்புச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று கணக்கெடுத்தோம். D, E, F நிரல்களில் மூன்று தவணைச் சராசரி, 40ஆவது வரியில் வகுப்புச் சராசரி என்றால்:

```
=(D2-D$40)-(F2-F$40)
```

விடை 8க்கு வந்தால் 1, 15க்கு வந்தால் 2. ஒரு பாடத்தில் 10 புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம் என்பதால் தனிப் பாடத்துக்கு இதைப் போடுவதில்லை.

இப்போது அந்தப் பிள்ளையைப் போட்டுப் பாருங்கள். வகுப்புச் சராசரி முதலில் 54, கடைசியில் 53. அவன் வகுப்பை விட 17 மேலே இருந்து 4 மேலே வந்திருக்கிறான். சரிவு 13, அதற்கு 1. வராத நாள் 5, அதற்கு 2. புள்ளி 57, அதற்கு 0. மொத்தம் 3. நாங்கள் வைத்த விதி, மொத்தம் 3 வந்தால் அந்தக் கிழமைக்குள் ஒருவர் பேச வேண்டும். விடுமுறைக்கு முன்பே அவனோடு பேசியிருக்கலாம்.

அதே வகுப்பில் ஒரு மாணவி 31, 33, 32. ஒரு நாளும் தவறாமல் வருகிறாள். மொத்தம் 2, அதுவும் புள்ளியால் மட்டும். அவளுக்கு வேண்டியது பரிகாரக் கற்பித்தல், வீடு தேடிப் போவதல்ல. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல், அது எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கிறோம்.

அந்த வருட 38 பேருக்கும் போட்டுப் பார்த்தோம். வருட முடிவுக்குள் விலகியவர்கள் மூவர். பழைய பட்டியலின் 7 பேரில் அவர்களில் ஒருவர்தான் இருந்தார். புதிய முறையில் 6 பெயர் வந்தது, அதில் இருவர். மற்ற நால்வர் விலகவில்லை. அவர்களில் ஒரு பிள்ளை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவன். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும் விடயம், அந்தச் செலவு பெரிதல்ல. தப்பிய மூன்றாவது பிள்ளையின் குடும்பம் திடீரென ஊர் மாறியது. அதை எந்தத் தாளும் காட்டாது.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பரீட்சைக்கு வராத பாடத்துக்கு AB என்று போட்டால் எக்ஸெலின் AVERAGE அதை விட்டுவிட்டுக் கணக்கெடுக்கும். கணிதத்துக்குப் பயந்து வராமல் நின்ற பிள்ளையின் சராசரி கூடித் தெரியும். பூச்சியம் போட்டால் காய்ச்சலில் கிடந்த பிள்ளை பாதாளத்துக்குப் போய்விடும். நாங்கள் AB உள்ள வரியை மஞ்சள் நிறமாக்கி, கையால் பார்க்கிறோம். அடுத்தது, இடாப்பு முதலாம் பாடவேளையில் குறிக்கப்படுகிறது. இடைவேளைக்குப் பிறகு மதிலால் போகிறவன் தாளில் முழு வரவு.

பட்டியல் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்படுவதில்லை, வட்ஸ்அப் குழுவில் போடப்படுவதுமில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பேசப்போகும் ஆசிரியரின் பெயரும் திகதியும் இருக்கும். அது இல்லாத முதல் தவணையில், பட்டியல் சரியாக இருந்தும் யாரும் யாரோடும் பேசவில்லை.

இந்த வருடம் 3 வந்த ஒரு மாணவியின் வீட்டுக்கு டீச்சர் ஒருவர் போனார். உம்மாவுக்கு கிழமையில் இரண்டு நாள் கிளினிக். அந்த நாட்களில் தம்பியைப் பார்க்க வீட்டில் வேறு ஆளில்லை. பக்கத்து வீட்டு மாமி ஒத்துக்கொண்டார். அடுத்த 20 நாளில் அவள் வராதது 1 நாள். புள்ளி இன்னும் ஏறவில்லை. தாளில் அவளுக்கு இப்போது 1. பெயரை அழிக்கவில்லை, அடுத்த தவணை வரை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.