ஐந்து கட்டையிலிருந்து நாலரைக்கு

கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்தால், "சொல்லுங்க சார்" என்கிறார்கள். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது சாராகவே பேசி வைத்துவிடுகிறேன். வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. ஐந்து கட்டையில் வர்ணத்தின் சரணம் பாடும்போது தாரஸ்தாயி காந்தாரம் எட்டவில்லை. எட்டினாலும் நிற்கவில்லை. இரண்டு வகுப்பு முடிந்தால் தொண்டையில் மணலை அள்ளிப்போட்டதுபோல ஒரு வறட்சி, அதோடு அசதி. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகியிருந்தது.

குரல்நாண்களின் மேல் ஈரமான மெல்லிய சவ்வு உண்டு. பெண்கள் பேசும்போது அந்த நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று உரசிப் பிரிகின்றன. உரசலைத் தாங்க வழவழப்பு வேண்டும். அதைச் சுரக்கும் சுரப்பிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் துணை. அது குறையும்போது சுரப்பு குறைகிறது, சுரப்பதும் கெட்டியாகிறது. பெண் உடலில் எப்போதும் கொஞ்சம் ஆண் ஹார்மோனும் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் சரியும் அளவுக்கு அது சரிவதில்லை. அதனால் சிலருக்கு நாண்கள் சற்றுத் தடித்து, குரல் கீழே இறங்குகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் பேசியோ பாடியோ சம்பாதிக்கிறவர்களுக்கு முதலில் தெரிந்துவிடும்.

அசதிக்குக் காரணம் குரல் இறங்கியது மட்டுமல்ல. இறங்கிய குரலைப் பழைய உயரத்துக்குக் கழுத்துத் தசையால் தள்ளுகிறோம், அதுதான் ஆளை அடித்துப்போடுகிறது. பாடி முடித்ததும் தாடைக்கடியில் விரலை வைத்துப் பார்த்தால் இறுக்கம் கைக்கே தெரியும். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிவாரணம் சுருதிப்பெட்டியை நாலரைக்கு இறக்கியதுதான். "டீச்சர், நாலரையில வைக்கட்டுமா?" என்று கேட்ட மாணவிக்குப் பதில் சொல்ல மானம் தடுத்தது என்னவோ உண்மை. ஆனால் அந்த அரைக்கட்டையில் காந்தாரம் நின்றது.

தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று எல்லோரும் சொல்வார்கள். குடிக்க வேண்டியதுதான், மடக்கு மடக்காக நாள் முழுக்க. ஆனால் குடிக்கிற நீர் குரல்நாணில் படுவதே இல்லை. பட்டால் புரையேறிவிடும். உடம்பெல்லாம் சுற்றித்தான் அது அங்கே போய்ச் சேர வேண்டும். நேராகப் போய்ச் சேருவது ஆவி மட்டுமே. வெறும் வெந்நீர் ஆவியைப் பாடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பிடிப்பேன். தைலம் எதுவும் போடுவதில்லை. மென்தால் ஜிலுஜிலுவென்று இருக்குமே தவிர, ஏற்கெனவே வறண்ட சவ்வை உறுத்தும். தொண்டைக்கென்று விற்கும் காரமான மிட்டாய்களும் அப்படித்தான். கெட்டிச்சளி ஒட்டினாற்போல் இருந்தால் செருமத் தோன்றும். செருமினால் நாண்கள் ஒன்றோடொன்று மோதும், மோதினால் இன்னும் சளி சுரக்கும். அதற்குப் பதில் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிவிட வேண்டும்.

குரல் பயிற்சியாளர் ஒருவர் கற்றுத்தந்த ஸ்ட்ரா பயிற்சி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. டம்ளரில் பாதி நீர், அதில் ஸ்ட்ராவின் நுனி ஒன்றிரண்டு விரற்கடை மூழ்க வேண்டும். உதட்டை இறுக மூடி, ஸ்ட்ரா வழியே "ஊ" என்று ஒரே சுருதியில் ஊத வேண்டும். பிறகு கீழிருந்து மேலே மெல்ல வழுக்கிப் போய் இறங்கலாம். குமிழ்கள் சீராக வந்தால் மூச்சு சீராக இருக்கிறது. குபுகுபுவென்று பொங்கினால் தள்ளுகிறோம் என்று அர்த்தம். நீரின் எதிர் அழுத்தத்தால் நாண்கள் மோதாமல் மெதுவாகச் சேர்கின்றன. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளில் சில தடவை போதும். பள்ளியில் கத்திப் பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கு இதோடு கழுத்தில் மாட்டும் சிறிய மைக் செட்டும் வாங்கச் சொல்வேன்.

ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்குக் குரல் இறங்குவது குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. குரலுக்காக மட்டும் அதை எழுதித்தர மாட்டார்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதும் இல்லை. அதிக உதிரப்போக்குக்கு டனசால் போன்ற மாத்திரை சொன்னால், "நான் பாடுகிறவள்" என்று சொல்லிவிடுங்கள். அதனால் தடித்த குரல் மாத்திரையை நிறுத்தினாலும் திரும்பாமல் போகலாம்.

எல்லாவற்றையும் மெனோபாஸ் கணக்கில் எழுதிவிடுவதுதான் ஆபத்து. தைராய்டு குறைந்தாலும் குரல் கனக்கும், அசதி வரும், எடை கூடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். இரவு தாமதமாகச் சாப்பிட்டுப் படுப்பதால் ஏறும் அமிலம், அலர்ஜி மாத்திரை, சில ரத்த அழுத்த மருந்துகள் இவையும் தொண்டையை வறட்டும். குரல் கம்மி நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்ச் சின்னக் கேமராவால் நாண்களைப் பார்த்துவிடுங்கள். விழுங்க வலித்தால், கழுத்தில் கட்டி தெரிந்தால், ரத்தம் கலந்த சளி வந்தால் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.