வேதாளத்தின் கடைசிக் கேள்வி

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு வேதாளத்தைத் தெரியாமல் இருக்காது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடப்பது, இன்னும் கண்ணில் நிற்கிறது. வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். ராஜா வாயைத் திறந்தால் மறுபடி மரத்துக்கே பறந்துவிடும். மாதாமாதம் இதேதான். அதனால் நம்மில் பலருக்கு இந்தக் கதை கடைசியில் எப்படி முடிந்தது என்றே தெரியாது.

பழைய கதையில் அதற்கு ஒரு முடிவு உண்டு. நாட்டை இழந்த ஒரு ராணியும் அவள் மகளும் காட்டுவழியே ஓடுகிறார்கள். வேட்டைக்கு வந்த ஓர் அப்பாவும் மகனும் அவர்களுடைய காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "பெரிய பாதம் அம்மாவுடையது, அவள் எனக்கு, சின்னப் பாதம் மகளுடையது, அவள் உனக்கு" என்று அப்பா சொல்ல, மகனும் ஒப்புக்கொள்கிறான். நேரில் பார்த்தால் பெரிய பாதம் மகளுக்கு! சொன்ன சொல் மாறாமல் அப்பா மகளையும், மகன் அம்மாவையும் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஜோடிக்கும் குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? இதுதான் வேதாளத்தின் கடைசிக் கேள்வி.

இரண்டும் ஆண் குழந்தைகள் என்று வைத்துக்கொண்டு நம் முறைப்படி போட்டுப் பாருங்கள். அப்பாவுக்குப் பிறந்தவன், மகனுக்குத் தம்பி. அப்படியானால் மகன் பெற்ற பிள்ளைக்கு அவன் சித்தப்பா. இப்போது பெண்கள் வழியாக வாருங்கள். மகன் பெற்ற பிள்ளை ராணியின் வயிற்றில் பிறந்தவன், ஆகவே ராணி மகளுக்குத் தம்பி. அப்படியானால் அவள் பெற்ற பிள்ளைக்கு அவன் தாய்மாமன். இவனுக்கு அவன் சித்தப்பா, அவனுக்கு இவன் மாமா. இரண்டும் சரி. எதை விட்டு எதைச் சொல்வது?

விக்கிரமாதித்தன் பேசவில்லை. தலையும் வெடிக்கவில்லை. உண்மையிலேயே அவனுக்கு விடை தெரியவில்லை என்று நமக்குப் புரிகிறது. பேசாததால் வேதாளமும் பறக்கவில்லை. பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சந்நியாசி ராஜாவையே பலி கொடுக்கப்போகிறான் என்ற ரகசியத்தை அதுவே சொல்கிறது. ராஜா தப்பித்து, சந்நியாசியைத் தீர்த்துக்கட்டுகிறான். கதை நிறைவாக முடிகிறது, கேள்வி மட்டும் நம் கையில் நிற்கிறது.

இதில் நான் கவனித்தது ஒன்று. முதலிலிருந்து நம்மை இழுத்துவந்த கேள்வி, 'ராஜா பிணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பானா?' என்பது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. திறந்து நிற்பது வேறு கேள்வி. அதிலும் நமக்கு எதையும் மறைக்கவில்லை. யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள், எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்தும் விடை இரண்டாக நிற்கிறது.

இங்கே குயிலாப்பாளையத்தில் என் அண்ணன் மகள் கல்லூரி மலருக்காக ஒரு கதை எழுதினாள். மரக்காணம் உப்பளத்தில் ஒரு பெண். 40 மூட்டைக்கு உப்பு குவித்திருக்கிறாள். வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். மழை வந்துவிட்டால் உப்பெடுப்பு நின்று விலை ஏறும், ஆனால் குவியல் கரைந்தாலும் கரையும். அவள் வானத்தைப் பார்த்தாள். அத்தோடு கதை முடிந்தது. வாசித்துக் காட்டியதும் எங்கம்மா கேட்டார்: "அப்புறம்? மழை வந்துச்சா, இல்லியா?"

அந்த 'அப்புறம்?' வந்தால் கதை முடியவில்லை என்று பொருள். மழை வந்ததா என்பது எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு யோசிக்க ஒன்றும் இல்லை, பூவா தலையா போட்டுப் பார்க்கத்தான் முடியும். துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று சொல்லாமல் விடுவதும் இப்படித்தான்.

"வேதாளம் மாதிரி எல்லாத்தையும் சொல்லிடு. அப்புறம் கேளு" என்றேன்.

அவள் மாற்றி எழுதினாள். அந்தப் பெண் விற்க மறுக்கிறாள், கீற்று போட்டு மூடுகிறாள். மழை கொட்டுகிறது. காலையில் 20 மூட்டைதான் மிச்சம். அதே வியாபாரி வந்து இரட்டை விலை தருகிறான். கைக்கு வந்தது, நேற்றே விற்றிருந்தால் வந்திருக்கும் அதே பணம். காசை எண்ணி முடித்ததும் மகள் கேட்கிறாள், "நேத்தே வித்திருக்கலாமாம்மா?" அம்மா காசை முடிந்துகொண்டு, உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள்.

இந்தத் தடவை எங்கம்மா 'அப்புறம்?' கேட்கவில்லை. "பாதி உப்பு போச்சே, பைத்தியக்காரி" என்றார். "அவன் கேட்ட விலைக்குப் பணியலையே ஆயா" என்றாள் பேத்தி. எங்க அண்ணி ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார். தோசைக்கல் காயும் வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.