தரையில் தூசி இல்லாத உலகம்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில், அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, காயவைக்கும் ராக்குக்கு ஆட்கள் கையில் தூக்கிப் போவார்கள். அந்தப் பலகையைச் சுமக்க ஒரு சின்ன வண்டி செய்யலாம் என்று கம்மாபுரத்தில் நாங்கள் உட்கார்ந்தபோது, தகரம் வெட்டுவதற்கு முன் கெஸிபோவில்தான் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு மோட்டார் சக்கரம், முன்னால் ஒரு கேஸ்டர்.

திரையில் எல்லாம் அழகு. சதுரமாக ஒரு சுற்று போய், கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றது. அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். சக்கரத்துக்கு உராய்வு எண் எதுவும் கொடுக்காவிட்டால் கெஸிபோ அதை 1 என்று வைத்துக்கொள்ளும். களிமண் தூசி படிந்த சிமெண்ட் தரைக்கு அது ரொம்ப அதிகம்.

அளக்க வண்டியே தேவையில்லை. வாங்கிவைத்த சக்கரங்களைச் சுழலாதபடி ஒரு பலகையில் இறுக்கி, செங்கல் ஏற்றி மொத்தம் 10 கிலோ ஆக்கி, ஸ்பிரிங் தராசால் பட்டறைத் தரையில் இழுத்தோம். கூட்டிய இடத்தில் நகரும்போது தராசு 6 கிலோ காட்டியது. அச்சு பிரிக்கும் மேசையடியில் 3 கிலோதான். அதாவது 0.6, 0.3. மேசையடிக்கு மட்டும் கெஸிபோவில் ஒரு மெல்லிய தரைத் துண்டு போட்டு, அதற்கு இதைக் கொடுத்தோம்:

```xml
<ode>
  <mu>0.3</mu>
  <mu2>0.3</mu2>
</ode>
```

சக்கரம், தரை இரண்டின் எண்களில் குறைந்ததையே கெஸிபோ எடுத்துக்கொள்ளும். அதனால் தரையை மாற்றினால் போதும்.

இப்போது ஒரு சக்கரம் தூசியில் ஏறியதும் வழுக்கியது. வழுக்கினாலும் என்கோடர் சுற்றுகளை எண்ணிக்கொண்டேதான் இருக்கும். போகாத தூரத்தைப் போனதாக வண்டி நம்பும். அது நம்பும் இடத்தையும், `gz model -m vandi -p` காட்டும் உண்மையான இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை எந்த வளைவில் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். பட்டறையில் இதையே பார்க்க சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு குனிந்தே திரிய வேண்டும். தொடக்க வேகத்தை மெல்ல ஏறும்படி வைத்ததும் வழுக்கல் பெரும்பாலும் அடங்கியது.

வண்டி தயாரான பிறகும் ஒரு வித்தியாசம் மிஞ்சியது, கேஸ்டரில். மாதிரியில் அதை உராய்வே இல்லாத ஒரு உருண்டையாகத்தான் வைத்திருந்தோம். பெரும்பாலோர் செய்வது அதுதான். நிஜக் கேஸ்டர், வண்டி பின்னால் வரும்போது அரைவட்டம் திரும்பும். அந்தக் கணத்தில் வண்டியின் மூக்கு பக்கவாட்டில் வெடுக்கென்று இழுபடும். பச்சைப் பொம்மையின் காது உடைய அந்த ஒரு வெட்டு போதும். கேஸ்டரைச் சுழலும் இரண்டு மூட்டுகளாக மாதிரியில் கட்டலாம். ஆனால் அதன் கழுத்தில் நாளுக்கு நாள் களிமண் சேர்ந்து இறுகுகிறது. அதற்கு எந்த எண்ணைக் கொடுப்பது? பலகை ஏற்றியிருக்கும்போது பின்னோக்கிப் போகவே கூடாது என்று புரோகிராமில் எழுதி, ராக்கு முனையில் வண்டி வட்டமடித்துத் திரும்ப இடம் விடச் சொன்னோம். பட்டறைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு ராக்கைத் தள்ளி வைத்தார்.