ஈரத்திலும் வாடும் செடி

பெங்களூரு அல்சூரில் ஒரு சிறிய மளிகைக் கடை. அதன் வாசலோரம் ஏழு தொட்டிகள் இருந்தன. துளசி, கறிவேப்பிலை, ரோஜா, மூன்று கற்றாழைகள், பழைய பெயிண்ட் வாளியில் ஒரு செம்பருத்தி. ஷட்டரை உயர்த்தியதும் கடைக்காரர் ஒவ்வொரு தொட்டியிலும் விரலை இரண்டு அங்குலம் ஆழம் அமிழ்த்திப் பார்ப்பார். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் கிடையாது.

2024 மார்ச்சில் கட்டடத்தின் ஆழ்துளைக் கிணறு வற்றியது. குடிநீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்தினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று நகரின் குடிநீர் வாரியம் அறிவித்தது. வீட்டில் அரிசி களைந்த நீர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தேறியது. ஏழு தொட்டிகளுக்கு அது போதாது. கற்றாழை தன் மடலில் சேமித்த நீரால் மூன்று வாரம் தாங்கும். எஞ்சிய நான்கில் ஒன்றை இழந்தாக வேண்டும். அவர் ரோஜாவைக் கைவிட்டார். மற்றவற்றை நிழலில் நெருக்கி வைத்து, விற்ற தேங்காய்களின் நாரை மண்மேல் பரப்பினார். நார் மண்ணை வெயிலிலிருந்து மறைத்து ஈரத்தைக் காத்தது.

ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை பெய்தது. ரோஜாவைத் தவிர எல்லாம் தழைத்தன. ஆயினும் பத்து நாளில் செம்பருத்தி தலைசாய்ந்தது, அடியிலைகள் மஞ்சளாயின.

"வாடுதே அண்ணாச்சி, தண்ணி ஊத்தலையா?" என்றாள் பால் வாங்க வந்த பெண்.

அவர் விரலை அமிழ்த்தினார். மண் சேறாக இருந்தது. புளித்த நாற்றம் எழுந்தது. வேரும் மூச்சு விட வேண்டும். வாளியின் துளைகளை வேரும் வண்டலும் அடைத்துக்கொண்டதால், தேங்கிய நீர் மண்ணிலிருந்த காற்றை வெளியேற்றியிருந்தது. மூச்சுமுட்டி அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே நீருக்கு நடுவிலேயே செடி தாகத்தால் வாடும். வறட்சியில் வாடிய செடியும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விரலுக்கு மட்டுமே வேறுபாடு தெரியும். அன்று ஒரு குவளை நீர் ஊற்றியிருந்தால் செடி முடிந்திருக்கும்.

வாளியைக் கவிழ்த்துச் செடியை எடுத்தார். கறுத்துக் குழைந்த வேர்களை, வெண்மை தெரியும்வரை வெட்டினார். குறைந்த வேரால் எல்லா இலைகளுக்கும் நீர் தர முடியாது என்பதால் கிளைகளையும் பாதியாகக் குறைத்தார். செம்மண்ணில் மணலும் மட்கிய எருவும் கலந்து நட்டார். துளைகளைப் பெரிதாக்கி, வாளியை இரு செங்கற்கள்மேல் ஏற்றி வைத்தார். இரண்டு வாரம் நிழலில் இருந்தது.

ஆகஸ்டில் தளிர் விட்டது. அக்டோபர் மழையில் செங்கற்களுக்கிடையே நீர் வழிந்தோட, முதல் மொட்டு அவிழ்ந்தது. டிசம்பர்க் குளிரில் செடியின் வளர்ச்சி தளர்ந்து மண் மெதுவாக உலர்ந்தது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நீர் போதுமானதாயிற்று. ரோஜா இருந்த தொட்டி மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. இரண்டு லிட்டரில் எத்தனை செடிகள் பிழைக்கும் என்பதை அந்தக் கோடை அவருக்குச் சொல்லியிருந்தது.